நான்கு விடைகளில் மூன்று யாருடையவை?

சனிக்கிழமை மாலை. என்னிடம் கணக்குப்பதிவியல் கற்க வரும் பிளஸ் டூ மாணவி நோட்டை நீட்டினாள்.

"சார், 1,100 வந்துடுச்சு. ஆப்ஷன்லயும் இருக்கு."

இரண்டாவதாகச் சொன்னதில்தான் அவளுக்கு நிம்மதி. தான் போட்ட கணக்கின் விடை, அச்சடித்த நான்கில் ஒன்றாக இருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?

"இருக்கிறதுனாலதாம்மா சந்தேகப்படணும்" என்றேன்.

எண்களை விடைகளாகக் கொடுக்கும் கேள்வியை எழுதுகிறவர், சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டு மற்ற மூன்றுக்கும் வாய்க்கு வந்த எண்ணைப் போடுவதில்லை. மாணவர் எங்கே வழுக்குவார் என்று யோசித்து, அந்த வழியில் தானும் வழுக்கிப் பார்த்து, கிடைக்கிற எண்ணை எழுதிவைக்கிறார். ஆகவே தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறின் பெயர். நிறுமக் கணக்குகள் பாடத்தில், பங்கு ஒறுப்பிழப்புப் பகுதியில் இது பளிச்சென்று தெரியும். அவள் போட்ட கேள்வியே நல்ல உதாரணம்.

ஒரு நிறுமம் ₹10 முகமதிப்புள்ள பங்குகளை ₹2 முனைமத்தில் வெளியிட்டது. விண்ணப்பத்தின்போது ₹3, ஒதுக்கீட்டின்போது முனைமத்தையும் சேர்த்து ₹4, முதல் அழைப்புக்கு ₹2, இறுதி அழைப்புக்கு ₹3 செலுத்த வேண்டும். இறுதி அழைப்புத் தொகை வராத 200 பங்குகளை நிறுமம் ஒறுப்பிழப்பு செய்தது. அவற்றில் 150 பங்குகளைப் பங்கு ஒன்றுக்கு ₹8 வீதம், முழுவதும் செலுத்தப்பட்ட பங்குகளாக மறுவெளியீடு செய்தது. முதலினக் காப்புக்கு மாற்ற வேண்டிய தொகை எவ்வளவு? விடைகள்: (அ) ₹1,100 (ஆ) ₹1,050 (இ) ₹750 (ஈ) ₹450.

வணிகவியல் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பங்கின் விலையை நிறுமம் ஒரே மூச்சில் கேட்காமல் தவணையாகக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போது கொஞ்சம், பங்கை ஒதுக்கும்போது கொஞ்சம், மீதியை 'அழைப்பு' விட்டு வாங்கிக்கொள்ளும். இன்று புதிதாகப் பங்கு வெளியிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் முழுத் தொகையையும் விண்ணப்பத்தோடு கேட்டுவிடுவதால், தவணை என்பது பாடப்புத்தகத்துச் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2020இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தன் பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்கு வெளியிட்டபோது விலை ₹1,257. விண்ணப்பத்தோடு வாங்கியது ₹314.25தான். 2021 மே மாதம் இன்னொரு ₹314.25, நவம்பரில் மீதி ₹628.50 என்று இரண்டு அழைப்புகளில் வசூலித்தது. அந்தப் பங்கின் முகமதிப்பு ₹10. மிச்சம் ₹1,247 முழுக்க முனைமம், அதாவது ப்ரீமியம்.

அழைப்பு விட்டும் பணம் வரவில்லையென்றால்? நிறுமத்தின் செயல்முறை விதிகள் இடம் கொடுத்தால் அந்தப் பங்கை நிறுமமே பறித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் தமிழ்ப் பாடநூல் 'ஒறுப்பிழப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது. வகுப்பில் எல்லாரும் 'ஃபோர்ஃபீச்சர்' என்பார்கள். நினைத்த மாத்திரத்தில் பறிக்க முடியாது. 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தோடு இணைந்த 'அட்டவணை எஃப்' மாதிரி விதிகளின்படி, குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். இன்ன தேதிக்குள் செலுத்தாவிட்டால் பங்கு பறிபோகும் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் பணம் வராவிட்டால் இயக்குநர் குழு தீர்மானம் போடும். பங்குதாரர் அதுவரை கட்டிய பணம் திரும்பி வராது.

திரும்பிப் போகாத அந்தப் பணம்தான் இந்தக் கணக்கின் உயிர். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

நம் பங்குதாரர் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு கட்டியிருக்கிறார்? 3, 4, 2 என்று மொத்தம் ₹9. ஆனால் ஒதுக்கீட்டில் வந்த நான்கில் ₹2 முனைமம். அது வந்த அன்றே பத்திர முனைமக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கணக்கிலுள்ள பணத்தை எதெதற்குப் பயன்படுத்தலாம் என்று சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. பங்கு பறிபோனது என்பதற்காக, கைக்கு வந்துவிட்ட முனைமத்தை அங்கிருந்து எடுக்கக் கூடாது. ஆகவே முதலுக்காக வந்தது ₹7 மட்டுமே. 200 பங்குக்கு ₹1,400 ஒறுப்பிழப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும். வராத ₹600 இறுதி அழைப்புக் கணக்கில் வரவு. இரண்டுக்கும் சேர்த்துப் பங்கு முதல் கணக்கில் ₹2,000 பற்று. பதிவு சமனாகிவிட்டது.

அடுத்தது மறுவெளியீடு. ₹10 பங்கை ₹8க்குக் கொடுக்கிறார்கள். பங்குக்கு ₹2 தள்ளுபடி, 150 பங்குக்கு ₹300. இந்த ₹300ஐ நிறுமம் தன் கையிலிருந்து போடவில்லை. பழைய பங்குதாரர் விட்டுப்போன பணத்திலிருந்து, அதாவது ஒறுப்பிழப்புக் கணக்கிலிருந்து, அது ஈடுகட்டப்படுகிறது. வங்கிக் கணக்கில் ₹1,200 பற்று, ஒறுப்பிழப்புக் கணக்கில் ₹300 பற்று, பங்கு முதல் கணக்கில் ₹1,500 வரவு.

இங்கேதான் என் மாணவி சறுக்கினாள். ₹1,400இல் ₹300 போனால் ₹1,100. கழித்தல் சரி. ஆனால் ₹1,400 என்பது 200 பங்குகளின் பணம், விற்றது 150தான். விற்காத 50 பங்குகளின் மேல் இன்னும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நாளை அவை என்ன விலைக்குப் போகுமோ யாருக்குத் தெரியும்? அவற்றுக்குரிய ₹350 ஒறுப்பிழப்புக் கணக்கிலேயே காத்திருக்க வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் அதைப் பங்கு முதலோடு கூட்டிக் காட்டுவார்கள். விற்ற 150 பங்குகளுக்கு உரியது 150 × 7 = ₹1,050. அதில் தள்ளுபடி ₹300 போக ₹750. விடை (இ). சரிபார்க்க ஒரு சுலபமான வழி உண்டு: தள்ளுபடிக்குப் போன 300, காப்புக்குப் போன 750, மிச்சமிருக்கும் 350 மூன்றையும் கூட்டினால் 1,400 வர வேண்டும். வருகிறது.

மற்ற இரண்டு விடைகளையும் பாருங்கள். ₹450 எப்படி வந்தது? வெளியீட்டு விலை ₹12, மறுவெளியீட்டு விலை ₹8, ஆகவே தள்ளுபடி ₹4 என்று ஒருவர் நினைத்திருப்பார். 150 பங்குக்கு ₹600. 1,050இல் 600 போனால் 450. முனைமம் முன்பே வாங்கியாகிவிட்டது, மறுவெளியீட்டில் அதைத் திரும்பத் தேட வேண்டியதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. தள்ளுபடியை எப்போதும் முகமதிப்பிலிருந்துதான் அளக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியில் மிகவும் கெட்டிக்காரத்தனமான விடை ₹1,050தான். அதற்கு இரண்டு பாதைகள் உண்டு. தள்ளுபடியைக் கழிக்க மறந்தவருக்கும் 1,050 வரும். முனைமத்தையும் சேர்த்து 150 × 9 = 1,350 என்று போட்டு, 300ஐ ஒழுங்காகக் கழித்தவருக்கும் அதே 1,050 வரும். இரண்டு நண்பர்கள் வெவ்வேறு தவறு செய்து ஒரே விடைக்கு வந்து, "உனக்கும் அதேதானா? அப்போ சரி" என்று கைகொடுத்துக்கொள்வதைத் தேர்வுக்கூட வாசலில் நானே பார்த்திருக்கிறேன்.

இதே கேள்வியில் ஒரு வரியை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். விண்ணப்பத் தொகை ₹3 மட்டும் கட்டிவிட்டு, ஒதுக்கீட்டுத் தொகையும் முதல் அழைப்பும் கட்டாத ஒருவரின் 100 பங்குகளை, இறுதி அழைப்பு விடுவதற்கு முன்பே ஒறுப்பிழப்பு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்கு முதல் கணக்கில் பற்று எவ்வளவு? ₹1,000 என்று கை தானாக எழுதும். ஆனால் அதுவரை அழைத்த முதல் 3, 2, 2 என்று ₹7தானே? கேட்கவே கேட்காத ₹3க்கு அவர் பாக்கிக்காரர் ஆக மாட்டார். ஆகவே ₹700. இங்கே இன்னொரு மாற்றமும் இருக்கிறது. முனைமம் கைக்கு வரவே இல்லை. ஒதுக்கீட்டின்போது வரவேண்டியது என்று வரவு மட்டும் எழுதி வைத்திருந்தோம். வராத அந்த ₹200ஐப் பத்திர முனைமக் கணக்கில் பற்று வைத்து நீக்க வேண்டும். இந்தப் பக்கம் 700, 200 என ₹900. அந்தப் பக்கம் ஒறுப்பிழப்பு 300, ஒதுக்கீடு 400, முதல் அழைப்பு 200 என ₹900. வந்த முனைமத்தைத் தொடாதே, வராத முனைமத்தை நீக்கு என்ற இந்த ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டே எத்தனையோ கேள்விகளை எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். அதனால் கேள்வியைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, முனைமம் எந்தத் தவணையோடு கேட்கப்பட்டது, அந்தத் தவணை வந்ததா இல்லையா என்பதைத்தான்.

கூர்மையான மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். பங்கைத் தள்ளுபடியில் வெளியிடக் கூடாது என்று 2013 சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறதே, பிறகு ₹10 பங்கை எப்படி ₹8க்குக் கொடுத்தார்கள்? நிறுமத்தின் பக்கம் நின்று பார்த்தால் பதில் கிடைக்கும். அந்தப் பங்குக்கு முதலாகப் பழையவரிடமிருந்து ₹7 ஏற்கெனவே வந்துவிட்டது. புதியவரிடமிருந்து ₹8 வருகிறது. ₹10 பங்குக்கு நிறுமம் வாங்கியது ₹15. குறைத்து வெளியிட்டது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ₹3க்குக் கீழே போகக் கூடாது. போனால் இரண்டும் சேர்ந்தும் பத்துக்குக் குறைந்துவிடும். 'குறைந்தபட்ச மறுவெளியீட்டு விலை என்ன?' என்று கேட்டால் விடை, பாக்கி நின்ற தொகை. 'அதிகபட்சத் தள்ளுபடி என்ன?' என்று கேட்டால் விடை, ஒறுப்பிழப்புக் கணக்கில் சேர்ந்த தொகை. ஒரே உண்மையை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய புத்தகக் கடையில் வினாத்தொகுப்பு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, சில நிபந்தனைகளோடு 10 சதவீதம் வரை தள்ளுபடியில் பங்கு வெளியிட அனுமதித்தது. அந்தக் காலத்து நூல்களில் '₹100 பங்கை ₹90க்கு வெளியிட்டது' என்று தொடங்கும் கணக்குகள் நிறைய. கணக்காக அவை சரிதான். இன்றைய சட்டத்தில், ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் பங்குகள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர மற்றவற்றுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

பி.காம். மாணவர்கள் பங்குகளைக் கடந்து கடனீட்டுப் பத்திரத்துக்கு, அதாவது டிபென்ச்சருக்கு வந்ததும் சட்டம் தலைகீழாகிவிட்டதுபோல் இருக்கும். பத்திரத்தைத் தள்ளுபடியில் வெளியிடலாம். காரணம் எளிது: பங்கு வாங்கியவர் உரிமையாளர், பத்திரம் வாங்கியவர் கடன் கொடுத்தவர். ₹95 வாங்கிக்கொண்டு ₹100 கடன்பட்டதாக எழுதிக்கொடுப்பது கடன்வாங்குகிறவரின் இஷ்டம். கடன்காரர் என்பதால்தான் நிறுமம் நட்டத்தில் ஓடினாலும் வட்டி கட்டியாக வேண்டும். பங்காதாயம்போல 'இந்த வருடம் இல்லை' என்று கைவிரிக்க முடியாது.

வட்டிக் கேள்வி பார்ப்பதற்கு ஐந்தாம் வகுப்புத் தனிவட்டிக் கணக்கு மாதிரி இருக்கும். அதனால்தான் அதில் விழுகிறார்கள். ஒன்று போட்டுப் பார்ப்போம். 2023 ஜூலை 1ஆம் தேதி, ₹100 முகமதிப்புள்ள 1,000 பத்திரங்கள், 9 சதவீத வட்டி, 5 சதவீதத் தள்ளுபடியில் வெளியீடு, ஐந்தாண்டு கழித்து 10 சதவீத முனைமத்தோடு மீட்பு. வட்டி செப்டம்பர் 30, மார்ச் 31 தேதிகளில். வட்டி கொடுக்கும்போது 10 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும் என்று கேள்வியே சொல்கிறது. 2024 மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டிய வட்டி எவ்வளவு?

கேள்வியில் மூன்று விலைகள் நிற்கின்றன: வாங்கிய ₹95,000, எழுதிக்கொடுத்த ₹1,00,000, திருப்பிக் கொடுக்கப்போகும் ₹1,10,000. வட்டி எழுதிக்கொடுத்த தொகைக்குத்தான். காலம் ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம். ஆண்டு வட்டி ₹9,000. ஒன்பது மாதத்துக்கு ₹6,750. செப்டம்பரில் மூன்று மாதத்துக்கு ₹2,250, மார்ச்சில் ஆறு மாதத்துக்கு ₹4,500 என்று பிரித்துக் கூட்டினாலும் அதே தொகை.

தவறான விடைகளை நாமே எழுதிவிடலாம். கைக்கு வந்த பணத்துக்கு வட்டி போட்டவருக்கு ₹6,412.50. மீட்புத் தொகைக்குப் போட்டவருக்கு ₹7,425. தேதியைப் பார்க்காதவருக்கு ₹9,000. வரி பிடித்ததை வட்டியிலேயே கழித்துவிட்டவருக்கு ₹6,075. இந்தக் கடைசி எண் முற்றிலும் பொய்யும் அல்ல; பத்திரக்காரரின் கைக்குப் போகும் பணம் அதுதான். ஆனால் பிடித்த ₹675ஐ நிறுமம் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை, பத்திரக்காரர் பெயரில் அரசுக்குக் கட்டிவிடுகிறது. ஆகவே நிறுமத்துக்குச் செலவு முழு ₹6,750. 'காட்ட வேண்டிய வட்டி', 'பத்திரதாரருக்குச் செலுத்திய தொகை' என்ற சொற்களில் எது கேள்வியில் இருக்கிறது என்பதுதான் ஒரு மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது.

சரி, அந்த 5 சதவீதத் தள்ளுபடியும் 10 சதவீத முனைமமும் எங்கே போயின? அவை வட்டியில் சேராது. ₹5,000மும் ₹10,000மும் சேர்ந்து ₹15,000, பத்திர வெளியீட்டு நட்டம் என்ற தனிக் கணக்கில் வெளியீட்டின்போதே பற்றாகும். பத்து சதவீதத்தை மீட்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ₹5,000 என்று எழுதிவிட்டு வருவார்கள்.

விடைகளில் 'ஏதுமில்லை' என்று ஒன்று இருக்கும்போது மாணவர்கள் அதை ஒப்புக்கு வைத்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நிறுமம் வங்கியில் கடன் வாங்குகிறது. அதற்குக் கூடுதல் பிணையாக ₹2,00,000க்கு 10 சதவீதப் பத்திரங்களை எழுதிக் கொடுக்கிறது. அந்தப் பத்திரங்களுக்கு ஆண்டு வட்டி எவ்வளவு? ₹20,000 அல்ல. வட்டி வங்கிக் கடனுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. பத்திரம் பெட்டியில் தூங்கும் பிணை. கடன் தவறினால்தான் எழுந்திருக்கும். அதுவரை அதற்கு வட்டி ஏதுமில்லை.

அன்று மாலை மாணவியிடம் ₹750க்கான வழியைச் சொல்லி முடித்ததும், மீதி 50 பங்குகளை அவளிடமே விட்டேன். "அதை ₹12க்கு வித்தா முதலினக் காப்பு எவ்வளவு?" கொஞ்ச நேரம் யோசித்து 450 என்று எழுதினாள். பிறகு தானே அடித்தாள். முகமதிப்புக்கு மேல் வந்த ₹100 பத்திர முனைமத்துக்குப் போகும். தள்ளுபடி கிடையாது, ஆகவே ஒறுப்பிழப்புக் கணக்கில் காத்திருந்த ₹350 அப்படியே முதலினக் காப்புக்குப் போகும். அவள் அடித்த 450தான், இந்தக் கேள்வியை நான் தேர்வுக்குக் கொடுத்தால் (ஆ) என்று வைக்கப்போகும் விடை.